3,800 டாலர்னு சொன்னாங்களா? எந்த 3,800?

நாகூரில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து "சிங்கப்பூர்ல சைட் இன்ஜினியருக்கு எவ்வளவு குடுப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்க. பதில் உடனே வரும். மாமா ஒரு தொகை சொல்வார், பக்கத்து வீட்டு சபுராளி ஒரு தொகை சொல்வார், ஏஜென்ட் மூணாவது தொகை சொல்வார். 1830 வாக்கிலேயே தெலோக் ஆயர் தெருவில் நம்ம ஊர் தர்காவுக்கு ஒரு மறுவடிவம் கட்டிவிட்ட கூட்டம் நாம். ரெண்டு நூற்றாண்டு அனுபவம் இருக்கு. ஆனா சம்பளம் கேட்டா மட்டும் இன்னமும் வாய்வழிச் செய்திதான்.

என் பெரியம்மா மகன், எனக்கு நானா, சிவில் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. போன வருஷக் கடைசியில் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஆஃபர் வந்தது. "சைட் இன்ஜினியர், எஸ் பாஸ், மாதம் 3,800 டாலர், ரூம் கம்பெனியே தரும், சர்வீஸ் சார்ஜ் மூன்றரை லட்சம்." வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பெரியம்மா நகையை அடகு வைப்பது வரை பேச்சு போய்விட்டது. நானா அஞ்சு பேரிடம் விசாரித்தார். அஞ்சு பேரும் "3,800 நியாயமான ரேட்தான்" என்றார்கள்.

இங்கதான் என் முதல் சண்டை. அந்த அஞ்சு பேரில் மூணு பேர் அதே ஏஜென்ட் மூலமாகப் போனவர்கள். நாலாவது ஆள் அவர்களில் ஒருவரிடம் கேட்டுச் சொன்னவர். அஞ்சாவது ஆளுக்கு, ஆள் சேர்த்துவிட்டால் ஏதோ கிடைக்கும் என்று பிறகு தெரிந்தது. அஞ்சு வாய், ஆனா ஊற்று ஒண்ணுதான். ஒரே டேப் வைத்து அஞ்சு பேர் அளந்தால், டேப் தப்பாக இருந்தால் அஞ்சு அளவும் தப்புதான். சர்வே லேப்பில் இதை ஒத்துக்கொள்கிற நாம் சம்பளத்தில் மறந்துவிடுகிறோம்.

இணையதளங்களும் இதே கதைதான். நாக்ரியும் ஆம்பிஷன்பாக்ஸும் இன்ஃபோ எட்ஜ் என்கிற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். கிளாஸ்டோரும் இண்டீடும் ஜப்பானின் ரிக்ரூட் ஹோல்டிங்ஸுக்குச் சொந்தம். ஒரே முதலாளி என்பதால் எண் பொய் என்று சொல்லவில்லை. நாலு தளம் பார்த்தேன், நாலும் ஒத்துப்போகுது என்று நிம்மதி அடையும் முன்னால், அவை உண்மையிலேயே நாலு தனித்தனி ஆதாரங்களா என்று பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். ஒரு எண்ணை நம்பலாமா என்பதற்கு, எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதைவிட, அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது உதவும்.

சரி, சிங்கப்பூருக்கு உண்மையிலேயே தனித்தனியான ஆதாரங்கள் என்ன இருக்கு? நானாவும் நானும் ஒரு ராத்திரி உட்கார்ந்து எடுத்தது நாலு: சட்டம் சொல்லும் குறைந்தபட்சம், அரசின் சம்பள ஆய்வுகள், வேலை விளம்பரங்கள், அங்கே இருப்பவர்களின் பேஸ்லிப். நாலையும் சேர்த்துவைத்து முதலில் கண்டுபிடித்தது, அவை நாலும் "சம்பளம்" என்று ஒரே பொருளைச் சொல்லவில்லை என்பதைத்தான்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2025 செப்டம்பரிலிருந்து புதிதாக எஸ் பாஸ் வாங்க, நிதித்துறை தவிர மற்ற துறைகளில், மாத நிலைச் சம்பளம் குறைந்தது 3,300 டாலர் இருக்க வேண்டும். வயது ஏற ஏற இந்த எல்லையும் ஏறும். இதற்கு மேல் தட்டில் இருக்கிற எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரியிலிருந்து 5,600 டாலர். கீழ்த்தட்டில் இருக்கிற வொர்க் பெர்மிட்டுக்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அதனால் "சிங்கப்பூர் வேலை" என்றதும் முதலில் கேட்க வேண்டியது சம்பளம் அல்ல, எந்த பாஸ் என்பதுதான். பாஸ் தெரியாமல் வைத்திருக்கிற எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது.

இங்கே "நிலைச் சம்பளம்" என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்க. அடிப்படைச் சம்பளமும், மாதாமாதம் மாறாமல் வரும் அலவன்ஸும் மட்டும்தான் அதில் சேரும். ஓவர்டைம் சேராது. போனஸ் சேராது. கம்பெனி தருகிற ரூம் சேராது.

இப்ப நானாவின் 3,800-ஐ உடைத்தோம். ஏஜென்டிடம் இரண்டு முறை கேட்ட பிறகு வந்த விவரம்: அடிப்படை 2,700, சைட் அலவன்ஸ் 250, ஓவர்டைம் "எப்படியும் 850 வந்துடும்". கூட்டினால் 3,800 சரியாகத்தான் வருகிறது. ஆனா நிலைச் சம்பளம் 2,700-உம் 250-உம் சேர்ந்த 2,950 மட்டும்தான். எஸ் பாஸின் எல்லைக்கு 350 டாலர் குறைவு.

அதாவது ஏஜென்ட் சொன்ன சம்பளமும் அவர் சொன்ன பாஸும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஒன்று, இது வொர்க் பெர்மிட், பேருக்கு எஸ் பாஸ் என்கிறார்கள். இல்லையென்றால், மனிதவள அமைச்சிடம் 3,300 என்று எழுதிக் காட்டிவிட்டு, கையில் குறைத்துக் கொடுப்பார்கள் அல்லது பேங்கில் போட்டுவிட்டு ரொக்கமாகத் திருப்பி வாங்குவார்கள். வேலை தருவதற்காகத் தொழிலாளியிடம் இப்படிப் பணம் வாங்குவது அங்கே குற்றம். நடக்காமல் இல்லை. இந்த முரண்பாட்டை வீட்டில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்க எங்களுக்குத் தேவைப்பட்டது ரெண்டே விஷயம்: ஒரு அரசு எண்ணும் ஒரு கூட்டலும். மாமாவிடம் எத்தனை தடவை கேட்டிருந்தாலும் இது வந்திருக்காது.

அந்த 850 ஓவர்டைமிலும் ஒரு சிக்கல் இருக்கு. சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் ஓவர்டைம் பாதுகாப்பு எல்லாருக்கும் இல்லை. உடலுழைப்புத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம் 4,500 டாலர் வரை உண்டு. மற்றவர்களுக்கு 2,600 வரைதான். சைட் இன்ஜினியர் உடலுழைப்புத் தொழிலாளி அல்ல. 2,700 அடிப்படை வாங்கும் நானாவுக்கு ஓவர்டைம் தருவதும் தராததும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் மணிக்கணக்கும் ரேட்டும் எழுதாவிட்டால் அந்த 850 வெறும் வாய்ச்சொல். ஆகவே ஒப்பிடும்போது ஓவர்டைமை முழுக்க எடுத்துவிட்டோம். எல்லா ஆதாரத்தையும் நிலைச் சம்பளம் என்ற ஒரே அலகுக்குக் கொண்டுவருவது என்று முடிவு.

அடுத்தது ஆய்வுகள். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு வருஷாவருஷம் தொழில்வாரிச் சம்பள அட்டவணை வெளியிடுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் இடைநிலையும், 25-வது, 75-வது பெர்சென்டைலும் இருக்கும். நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து 25-வது ஆள் வாங்குவதுதான் 25-வது பெர்சென்டைல். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அருமையான அட்டவணை. ஆனா அப்படியே எடுத்து நம்ம ஆஃபருக்குப் பக்கத்தில் வைத்தால் ஏமாந்துபோவோம்.

ஏன்னா, அது அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வாங்கும் சம்பளம். 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களில் எடுப்பது. நம்ம பசங்க போகிற சின்ன சப்-கான்ட்ராக்டர் அதில் வராமலே போகலாம். அதில் இருக்கிற "மொத்தச் சம்பளம்" ஓவர்டைமையும் சேர்த்தது, "அடிப்படைச் சம்பளம்" அலவன்ஸ்கூட இல்லாதது. நம்ம அலகு ரெண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. இடைநிலை என்பது இருபது வருஷம் சர்வீஸ் போட்டவரையும் சேர்த்து எடுத்தது என்பதால், புதிதாகச் சேரும் ஆளுக்கு 25-வது பெர்சென்டைலின் பக்கம்தான் பார்க்க வேண்டும். வேலையின் பேரிலும் கவனம் வேண்டும். "சிவில் இன்ஜினியர்" ஒரு வரி, "சிவில் இன்ஜினியரிங் டெக்னீஷியன்" வேறு வரி. வாட்ஸ்அப்பில் இன்ஜினியர் என்று போட்டிருந்தாலும், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேலை கான்கிரீட் கியூப் டெஸ்ட்டும் டெய்லி ரிப்போர்ட்டும் மட்டும் என்றால் இரண்டாவது வரியைப் பார்ப்பதுதான் நேர்மை.

இதோடு இன்னொரு ஆய்வு இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் தம் பட்டதாரிகளிடம் வருஷந்தோறும் எடுப்பது. 2024-இல் முழுநேர நிரந்தர வேலைக்குப் போன புதுப் பட்டதாரிகளின் இடைநிலை மொத்தச் சம்பளம் 4,500 டாலர். இதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் எல்லாம் கலந்த எண். பாடவாரி அட்டவணையும் உண்டு, சிவில் வரியை அதில் தேடிப் பிடிக்க வேண்டும். இதை நாங்கள் கூரையாக வைத்துக்கொண்டோம். அனுபவமில்லாத நம்ம ஊர்ப் பட்டதாரிக்கு ஒருத்தர் இதற்கு மேல் சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்பதற்காக.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், எனக்கும் வந்தது. "உள்ளூர்க்காரன் சம்பளத்தோட நம்மள ஒப்பிடலாமா? நமக்கு லெவி கட்டறாங்கல்ல, அதான் குறைச்சுத் தர்றாங்க." ஏஜென்டுகள் எல்லாரும் சொல்கிற வசனம் இது. கணக்குப் போட்டுப் பார்க்காமலே நாமும் திருப்பிச் சொல்கிறோம்.

போட்டுப் பார்ப்போம். எஸ் பாஸ் ஆளுக்கு முதலாளி மாதம் 650 டாலர் லெவி கட்டுகிறார். உண்மைதான். ஆனா உள்ளூர் ஆளுக்கு, வயது 55-க்குள் என்றால், சம்பளத்தில் 17 சதவீதத்தை சி.பி.எஃப் என்கிற சேமநிதியில் சம்பளத்துக்கு மேலே போட வேண்டும். நமக்கு அது கிடையாது. உள்ளூர் ஆளின் சம்பளத்தை W என்று வைத்தால், அதே செலவில் நமக்குத் தரக்கூடிய சம்பளம்:

```
S = 1.17 × W − 650
```

W 3,500 என்றால் S 3,445. W 4,000 என்றால் S 4,030. சுமார் 3,824-இல் ரெண்டும் சமம். அதாவது நாம் பேசுகிற சம்பளத் தட்டில் லெவியும் சி.பி.எஃப்பும் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. மெடிக்கல் இன்சூரன்ஸ், ரூம் வாடகை எல்லாம் தனி. ரூம் தருகிறார்கள் என்றால் அதைக் கழித்துப் பேசுவதில் நியாயம் உண்டு. ஆனால் லெவியைக் காட்டி ஆயிரம் டாலர் குறைப்பதில் நியாயம் இல்லை. இந்த ஒரு சமன்பாடு கிடைத்ததும் உள்ளூர் அட்டவணையை நம்ம அட்டவணையாக மாற்றிப் படிக்க வழி கிடைத்தது.

விளம்பரங்கள் பற்றிச் சுருக்கமாக. எஸ் பாஸுக்கோ எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கோ விண்ணப்பிக்கும் முன், சில விலக்குகள் தவிர, நிறுவனம் அந்த வேலையை MyCareersFuture தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரப்படுத்த வேண்டும். சம்பள வரம்பையும் போட வேண்டும். அதனால் பாஸுக்காகப் போடும் விளம்பரத்தில் வரம்பு இருக்கும், நம்ம ஊர்த் தளங்களைப் போல "சம்பளம் வெளியிடப்படவில்லை" என்று நழுவ முடியாது. ஆனா பாஸ் எல்லையை மனதில் வைத்துப் போட்ட விளம்பரம் 3,300-இலேயே தொடங்கும். அது சந்தையின் குரலா, சட்டத்தின் எதிரொலியா என்று பிரிக்க முடியாது. நாங்கள் பார்த்தவற்றில் பாதி அப்படித்தான் தெரிந்தது. அவற்றைத் தனி ஆதாரமாக எண்ணவில்லை. எல்லையைவிட மேலே தொடங்கிய விளம்பரங்களைத்தான் சந்தை பேசுகிறது என்று எடுத்துக்கொண்டோம். மேல் எல்லையை நம்பவே இல்லை. அது ஆளை இழுக்கப் போடுவது.

கடைசியாக மனிதர்கள். வாய்வழிச் செய்தியை இவ்வளவு திட்டிவிட்டு மறுபடி மனிதர்களிடம் போவதா? போகத்தான் வேண்டும், ஏன்னா எந்த அட்டவணையிலும் நாகூரிலிருந்து போன சிவில் பட்டதாரி தனியாக இல்லை. கேள்வியை மட்டும் மாற்றினோம். "எவ்வளவு வாங்குறீங்க நானா?" என்றால் மரியாதைக்கு ஒரு தொகைதான் வரும். ஓவர்டைம் கொட்டிய மாதத்தைத்தான் எல்லாரும் நினைவு வைத்திருப்பார்கள். சிங்கப்பூரில் 2016 ஏப்ரலிலிருந்து பிரிவு பிரித்த பேஸ்லிப் தருவது கட்டாயம். ஆகவே "பேர் மறைச்சுட்டு, ஓவர்டைம் குறைவா இருந்த ஒரு மாசத்து பேஸ்லிப்ல பேசிக், அலவன்ஸ், பிடித்தம் மூணு வரி மட்டும் சொல்லுங்க" என்று கேட்டோம். இந்த ஏஜென்டோடு தொடர்பில்லாத, வேற வேற நிறுவனத்தில் இருக்கிற மூணு பேரிடம். ஒருத்தர் காரைக்கால், ஒருத்தர் திருச்சி, ஒருத்தர் எங்க காலேஜ் சீனியர்.

வந்த நிலைச் சம்பளம்: 3,350, 3,400, 3,700. கடைசி ஆள் ரெண்டு வருஷம் முடித்தவர். மூணு பேர் ரொம்பக் குறைவுதான். ஆனால் இந்த மூணும், மேலே தொடங்கிய விளம்பரங்களின் கீழ் எல்லையும், சமன்பாடு வழியாக மாற்றிய 25-வது பெர்சென்டைலும் ஒரே அக்கம்பக்கத்தில் வந்து நின்றன. வேற வேற வழியில் கிளம்பி ஒரே இடத்துக்கு வந்த எண்கள் என்பதால் இதற்கு மதிப்பு இருக்கு. ரூம் இல்லாமல் என்றால் 3,400 முதல் 3,900, ரூம் தந்தால் 3,300-ஐ ஒட்டி என்று எழுதி வைத்தோம். ஒற்றை எண் எழுத மனசு வரவில்லை. மேல்பாதியை ரொம்ப நம்பவும் இல்லை, அனுபவம் இருந்தால்தான் அது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? நானாவுக்கு வந்த 3,800, எங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஓவர்டைமோடு சேர்த்துச் சொன்னதால் அப்படித் தெரிந்தது. அலகு மாற்றாமல் ஒப்பிட்டிருந்தால் "நல்ல ஆஃபர்" என்று கையெழுத்துப் போட்டிருப்போம். நிலைச் சம்பளமாக மாற்றினால் அது 2,950, வரம்புக்கு வெளியே.

அந்த மூன்றரை லட்சமும் சம்பளக் கணக்கில்தான் வர வேண்டும். ஒரு டாலர் 65 ரூபாய் என்று வைத்தால் அது சுமார் 5,385 டாலர். ரெண்டு வருஷ ஒப்பந்தத்தில் பரப்பினால் மாதம் 224 டாலர். ஆக 2,950 என்பது 2,726 ஆகிறது, அடகு வட்டியைச் சேர்க்காமலே. இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், மொத்தம் 35,400. சிங்கப்பூர் ஏஜென்சியும் ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிலும் ரெண்டு மாதத்துக்கு மேல் ஆளிடம் வாங்கக் கூடாது. மூன்றரை லட்சம் எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. ஏஜென்ட் பதிவானவரா என்பதை eMigrate தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், சீனியர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நம்ம ஊரில் சம்பளத்தை மறைப்பது மரியாதை, கூட்டிச் சொல்வது கௌரவம். ரெண்டாலும் லாபம் ஏஜென்டுக்கு மட்டுமே. அவரிடம் நூறு பேரின் உண்மைச் சம்பளம் இருக்கு, நம்மிடம் ஒருத்தரின் கல்யாண வீட்டுச் சம்பளம் இருக்கு. வெளிநாட்டில் இருக்கிற நம்ம காலேஜ் ஆட்கள் பேர் இல்லாமல் அந்த மூணு வரியை, பாஸ், வருஷம், ரூம் உண்டா இல்லையா என்பதோடு, பாட்ச் குரூப்பில் போட்டால் போதும். வருஷத்துக்கு இருபது வரி சேர்ந்தால், அரசு அட்டவணையில் இல்லாத நம்ம வரி நமக்குக் கிடைத்துவிடும்.

நானா ஏஜென்டுக்கு ஒரே மெசேஜ்தான் அனுப்பினார்: "பாஸுக்கான ஒப்புதல் கடிதத்தில் நிலைச் சம்பளம் எவ்வளவு போடுவீங்க? ஒப்பந்தத்திலும் அதே எண் இருக்குமா?" ரெண்டு நீல டிக் விழுந்தது. நாலு நாள் கழித்து, "அடுத்த பாட்ச்ல பார்க்கலாம் தம்பி" என்று பதில் வந்தது. நானா இப்ப MyCareersFuture-இல் 3,300-க்கு மேல் தொடங்குகிற விளம்பரங்களாகப் பார்த்து நேரடியாக விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். இதுவரை ஒரே ஒரு இன்டர்வியூ வந்திருக்கு. பெரியம்மாவின் நகை இன்னும் பீரோவில்தான் இருக்கு.